தாளில் கதிரை இருக்கிறது, களஞ்சியத்தில் இல்லை: வாடகைப் பொருள் பதிவேட்டின் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் கதிரை, மேசை, கூடாரம், ஒலிபெருக்கி ஆகியவற்றை வாடகைக்கு விடுகின்ற கடைகளில் பல, கொப்பியை விட்டு விரிதாளுக்கு மாறி வருகின்றன. மாறிய சில மாதங்களில் அனேகமாக எல்லோரும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: தாள் காட்டும் எண்ணிக்கைக்கும் களஞ்சியத்தில் அடுக்கியிருக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கோளாறுக்கு விரிதாளைக் குறை சொல்வதில் பயன் இல்லை. கொப்பியில் விழா நாளை மட்டும் எழுதிப் பழகிய கை, தாளிலும் அதையே எழுதுகிறது. ஆனால் கதிரைக்கு விழா நாள் தெரியாது, களஞ்சியத்தை விட்டுப் புறப்பட்ட நாளும் மறுபடியும் புறப்படத் தயாராகும் நாளும்தான் அதற்கு உண்டு.

கீழே உள்ளவை அறிகுறியின்படி எழுதப்பட்டுள்ளன. ஆயினும் முதலில் தாளின் அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம், ஏனெனில் எல்லாத் திருத்தங்களும் அதையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஒரு பற்றுச்சீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரை. A நிரலில் பற்றுச்சீட்டு இலக்கம், B இல் பொருள், C இல் எண்ணிக்கை, D இல் களஞ்சியத்திலிருந்து புறப்படும் நாள், E இல் அந்தப் பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய முதல் நாள், F இல் எண்ணிப் பார்த்து உள்ளே எடுத்த எண்ணிக்கை, G இல் உடைந்தும் தொலைந்தும் கணக்கிலிருந்து நீக்கிய எண்ணிக்கை, H இல் நிலை. விழா நாளை வேண்டுமானால் தனியே ஒரு நிரலில் எழுதி வைக்கலாம். கணக்கில் அது சேராது. அடுத்த இரண்டு நிரல்களையும் நாம் நிரப்புவதில்லை, சூத்திரம் நிரப்புகிறது.

I நிரல், இன்னும் வெளியில் இருக்கும் அல்லது வெளியே போகவிருக்கும் எண்ணிக்கை:

```
=IF(H2="இரத்து",0,C2-F2-G2)
```

J நிரல், அந்த எண்ணிக்கை எந்த நாளுக்கு முன் கையில் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பது:

```
=MAX(D2+1,E2,IF(I2>0,TODAY()+2,0))
```

M2 இல் பொருளின் பெயரையும் N2 இல் நாளையும் இட்டால், அன்றைக்கு வெளியில் இருக்கும் மொத்தம்:

```
=SUMIFS(I:I,B:B,M2,D:D,"<="&N2,J:J,">"&N2)
```

கடையின் மொத்தக் கையிருப்பிலிருந்து இதைக் கழித்தால் கொடுக்கக்கூடியது வரும். இந்த மூன்று சூத்திரங்களும் கூகுள் விரிதாளிலும் எக்செலிலும் ஒரேமாதிரி வேலை செய்யும்.

## அறிகுறி 1: தாள் "இருக்கிறது" என்கிறது, களஞ்சியத்தில் இல்லை

அதிக நட்டத்தையும் அவமானத்தையும் தருவது இதுதான், ஆகவே இதற்கே முதலிடம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதற் காரணம் மேலே சொன்ன விழா நாள். ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். கல்லடியில் உள்ள ஒரு கடையில் 600 கதிரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனி முடிந்து ஆடி பிறப்பதற்குள் கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஜூலை மாதத்தின் முற்பகுதி நிரம்பிவிடுகிறது. களுவாஞ்சிக்குடியில் ஜூலை 11 அன்று ஒரு கலியாணவீடு. அதற்கு 300 கதிரைகள். கொப்பிப் பழக்கத்தில் பதிவாகியிருப்பது "11 ஆம் திகதி, 300" என்பது மட்டுமே. காத்தான்குடியில் 12 ஆம் திகதி நிகழ்வுக்கு ஒருவர் 400 கதிரைகள் கேட்டு அழைக்கிறார். தாளில் 12 ஆம் திகதியைத் தேடினால் எதுவும் இல்லை, 600 உம் இருப்பதாகத் தோன்றுகிறது, முற்பணம் வாங்கப்படுகிறது. உண்மையில் அந்த 300 கதிரைகள் 10 ஆம் திகதி மாலையே கன்டரில் ஏறிவிட்டன. கலியாணம் இரவு முடிந்து, 12 ஆம் திகதி முற்பகலில்தான் அவற்றை எடுத்துவரப் போகிறார்கள். எண்ணி, மண்ணும் சோற்றுப்பருக்கையும் போகக் கழுவி, அடுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 12 ஆம் திகதி காலையில் களஞ்சியத்தில் இருப்பது 300, கொடுக்க வேண்டியது 400, குறைவு 100.

சரியான பதிவு D நிரலில் ஜூலை 10, E நிரலில் ஜூலை 13. E என்பது வாடிக்கையாளர் திருப்பித் தருவதாகச் சொன்ன நாள் அல்ல. வேறொருவரின் வாகனத்தில் நம்பி ஏற்றக்கூடிய முதல் நாள். இந்த வேறுபாட்டைக் கடையில் தொலைபேசி எடுக்கும் எல்லோருக்கும் விளக்கிவிட வேண்டும், ஏனெனில் ஒருவர் திரும்பும் நாளையும் மற்றொருவர் தயாராகும் நாளையும் எழுதினால் எந்தச் சூத்திரத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. பொருள் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகிறதென்றால் நான் கூடுதலாக ஒரு நாள் சேர்த்தே எழுதச் சொல்வேன். இரவில் வாகனத்தை அனுப்பி எடுத்து வருவது அங்கே எப்போதும் நடக்கிற காரியம் அல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. D, E இரண்டையும் சரியாக எழுதிய கடைகளிலும் இது நிகழ்கிறது. E நிரலில் உள்ள நாள் வந்தவுடன், பொருள் திரும்பி வந்ததா இல்லையா என்று பார்க்காமலே தாள் அதை விடுவித்துவிடுகிறது. வாக்குறுதியை வரவாக எண்ணுகிற இந்தத் தாள், யாரும் தாமதிக்காத ஊரில் மட்டுமே செல்லுபடியாகும். சோதிப்பது எளிது: E நிரலில் நேற்றைய நாள் உள்ளதும் F நிரல் வெறுமையாக இருப்பதுமான ஒரு நிரையைத் தேடுங்கள், N2 இல் இன்றைய நாளை இடுங்கள். அந்தப் பொருள் மொத்தத்தில் சேராவிட்டால் இந்தக் கோளாறு உங்கள் தாளில் இருக்கிறது.

J நிரலில் உள்ள `TODAY()+2` இதற்காகவே வைக்கப்பட்டது. எண்ணி உள்ளே எடுக்காத பொருளை, அதன் நாள் கடந்துவிட்டாலும், இன்றைக்கும் நாளைக்கும் வெளியில் இருப்பதாகவே அது கணக்கிடுகிறது. நாளை வந்தால் அது தானாகவே இன்னொரு நாள் தள்ளிப் போகும். ஒரு வாரத்துக்குப் பிந்திய விழாவுக்கு அந்தப் பொருளைத் தடுத்து வைப்பதில்லை, ஏனெனில் அதற்குள் போய் எடுத்துவரலாம். போய் எடுத்துவர வேண்டியவை எவை என்பதை நாளும் காலையில் பார்க்க, கூகுள் விரிதாளில் வேறொரு பக்கத்தில் இதை இடலாம் (முதற் பக்கத்தின் பெயர் `Bookings` எனில்):

```
=FILTER(Bookings!A2:I,Bookings!I2:I>0,Bookings!E2:E<=TODAY(),Bookings!A2:A<>"")
```

மரணவீடுகள் இந்த இடத்தில் தனிக் கவனத்துக்கு உரியவை. அழைப்பு வந்த ஒரு மணித்தியாலத்தில் 100 கதிரைகளும் ஒரு கூடாரமும் போக வேண்டும். எப்போது திரும்பும் என்று கேட்பது முறையும் அல்ல, கேட்டாலும் பதில் வராது. இரண்டாம் நாள் எடுக்கப் போனால், "தம்பி, ஆக்கள் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க, ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பார்கள். அதை மறுத்துக் கதிரையை ஏற்றி வருகிற கடைக்காரருக்கு அந்த ஊரில் அடுத்த கலியாணம் கிடைக்காது. இத்தகைய பதிவுகளில் E நிரலை வெறுமையாகவே விடலாம். மேற்படி சூத்திரம் வெறுமையைக் கணக்கில் எடுக்காமல், எண்ணி உள்ளே எடுக்கும் வரை நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். கற்பனையாக ஒரு நாளை எழுதி, பின்னர் அதை மறந்துவிடுவதை விட இது மேலானது. கலியாண நாட்களில் இத்தகைய அழைப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் கடைகளும் உண்டு. மொத்தக் கையிருப்பை 600 என்று இடாமல் 540 என்று இட்டுவிட்டால் தாளே அதைப் பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி 2: களஞ்சியம் நிறைய இருக்கிறது, தாள் "இல்லை" என்கிறது

இதில் சண்டை வருவதில்லை, ஆகையால் கவனிப்பாரும் இல்லை. ஆனால் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளரின் பணம் போனது போனதுதான்.

பல நாள் நிகழ்வுகளுக்குத்தான் இது பெரும்பாலும் ஏற்படுகிறது. மேற்சொன்ன கடையையே எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடிப் பதிவு 300 (D ஜூலை 10, E ஜூலை 13). ஆரையம்பதியில் ஒரு சாமத்தியவீட்டுக்கு 150 (D ஜூலை 9, E ஜூலை 11). ஒரு பாடசாலை நிகழ்வுக்கு 250 (D ஜூலை 13, E ஜூலை 15). இப்போது ஒரு கோயிலார் ஜூலை 10 முதல் 13 வரை நான்கு நாட்களுக்கு 150 கதிரைகள் கேட்கிறார்கள். அந்த நான்கு நாட்களோடு எங்கேனும் மோதுகின்ற பதிவுகள் எல்லாவற்றையும் கூட்டுகிற சூத்திரத்தை வைத்திருந்தால் 300 உம் 150 உம் 250 உம் சேர்ந்து 700 வருகிறது. 600 கதிரைகள் உள்ள கடையில் 700 வெளியில் இருப்பதாகத் தாள் சொல்கிறது. கோயிலாரிடம் இல்லை என்று சொல்லப்படுகிறது.

நாள் நாளாகப் பார்த்தால் கதை வேறு. 10 ஆம் திகதி களுவாஞ்சிக்குடியும் ஆரையம்பதியும் சேர்ந்து 450. 11 இலும் 12 இலும் 300. 13 இல் பாடசாலையின் 250 மட்டும். ஆரையம்பதிக் கதிரைகளும் பாடசாலைக் கதிரைகளும் ஒரே நாளில் வெளியில் இருக்கவே இல்லை. ஒரே கதிரைகள்தான் இரண்டு இடத்துக்கும் போகின்றன. நான்கு நாட்களில் மிக நெருக்கமான நாள் 10. அன்று எஞ்சுவது 150. கோயிலார் கேட்டதைச் சரியாகக் கொடுக்கலாம்.

ஆகவே பல நாள் கேள்விக்கு ஒரே கலத்தில் பதில் தேடக்கூடாது. N2 இலிருந்து கீழே ஒவ்வொரு நாளையும் ஒரு நிரையில் இட்டு, பொருளின் பெயரை M நிரலிலும் கீழே இழுத்து, SUMIFS சூத்திரத்தையும் இழுத்துவிட்டு, வருகிற எண்களில் மிகப் பெரியதை எடுங்கள். மொத்தத்திலிருந்து அதைக் கழியுங்கள். மூன்று மாதத்துக்கான நாட்களை ஒரு பக்கத்தில் நிரந்தரமாக இட்டு வைத்தால், தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

நாள் நாளாகப் பார்த்தும் எண் கூடுதலாக வந்தால், இரத்தான பதிவுகளைப் பாருங்கள். H நிரலில் ஒருவர் "இரத்து" என்றும் மற்றொருவர் "ரத்து" என்றும் எழுதுவார். மூன்றாமவர் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டிருப்பார். சூத்திரத்துக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். கூகுள் விரிதாளில் `Data` பட்டியலில் உள்ள `Data validation` மூலம் H நிரலிலும் B நிரலிலும் தெரிவுப் பட்டியலை வைத்து, கையால் எழுதுவதை நிறுத்திவிடுவதே தீர்வு. B நிரலில் "கதிரை", "கதிரைகள்", "பிளாஸ்டிக் கதிரை" என்று மூன்று பொருள்களாகப் பிரிந்து கிடப்பதும் இதோடு சரியாகும்; ஆனால் அது அறிகுறி 1 ஐ உண்டாக்குகின்ற பிழை, ஏனெனில் பெயர் பொருந்தாத நிரை கணக்கில் வராமல் போகிறது.

முற்பணம் தராமல் "நமக்கென்று வையுங்க" என்று சொல்லிப் போனவர்களின் பதிவுகளும் இந்த அறிகுறிக்குக் காரணமாகின்றன. என் கருத்தில், முற்பணம் இல்லாத பதிவைத் தாளில் ஏற்றவே கூடாது. ஊரிலே அது கடினம் என்று சொல்பவர்கள், குறைந்தது எந்த நாள் வரை காத்திருப்பது என்பதையாவது எழுதி, அந்த நாளில் அழைத்துக் கேட்டு இரத்துச் செய்ய வேண்டும்.

## அறிகுறி 3: சில பதிவுகள் எங்கே போயின என்று தெரியவில்லை

ஒரு பதிவை எழுதியது நினைவிருக்கிறது, நிரையும் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்த நாளின் மொத்தத்தில் அது சேரவில்லை. மாதத்தின் 13 ஆம் திகதி முதலான பதிவுகளில் இது நிகழ்ந்து, 12 ஆம் திகதி வரையானவை வேறு மாதங்களில் போய் நின்றால், காரணத்தைத் தேட வேண்டியதில்லை: தாள் அமெரிக்க முறையில், மாதத்தை முன்னும் நாளை அடுத்தும் வாசிக்கிறது. நீங்கள் 05/07/2026 என்று ஜூலை 5 ஐ எழுதினால் அது மே 7 ஆகிறது. 13/07/2026 என்று எழுதினால், பதின்மூன்றாவது மாதம் இல்லாமையால், அதை நாளாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது.

வெறுங்கண்ணால் அறிவதற்கு ஒரு வழி உண்டு. ஒழுங்கமைப்பு எதுவும் மாற்றாத தாளில் உண்மையான நாள் கலத்தின் வலப்பக்கமும் எழுத்தான நாள் இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும். உறுதிப்படுத்த வெறுமையான கலம் ஒன்றில் `=ISNUMBER(D2)` என்று இடுங்கள்; `FALSE` வந்தால் அது நாள் அல்ல. D நிரலில் எழுத்து இருந்தால் நமது J நிரலிலும் `#VALUE!` என்று தோன்றும், ஆகவே J நிரலை ஒருமுறை கீழ்வரை பார்த்தாலே போதும். மே மாதத்துக்கு இடம்மாறிய ஜூலை நாட்களை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அவை செல்லுபடியான நாட்களாகவே நிற்கின்றன.

கூகுள் விரிதாளில் `File`, பின்னர் `Settings`, அங்கே `Locale` என்பதை `United Kingdom` என்று மாற்றினால் இனி எழுதுபவை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் வாசிக்கப்படும். ஏற்கனவே தவறாக ஏறியவை இதனால் திருந்துவதில்லை என்பதை மறக்கக்கூடாது. தாள் அவற்றை ஏற்கனவே மே 7 என்றே சேமித்துவிட்டது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. அதன் பின்னர் D, E நிரல்களை 2026-07-05 என்ற வடிவில் காட்டும்படி அமைத்துவிட்டால் மயக்கம் இல்லை.

## அறிகுறி 4: திரும்பிய கணக்கு ஒருபோதும் நேராவதில்லை

300 போனது, 280 வந்தது. சாரதி "மிச்சம் நாளைக்கு" என்கிறார். பெரும்பாலான தாள்களில் இந்த இடத்தில் இருப்பது "திரும்பியது" என்று ஒரு சரி அடையாளம் மட்டுமே. அதை இட்டால் 20 கதிரைகள் காற்றில் கரைகின்றன, இடாவிட்டால் களஞ்சியத்தில் கண்முன்னே இருக்கும் 280 உம் வெளியில் இருப்பதாகத் தாள் சொல்கிறது. F நிரல் எண்ணாக இருப்பது இதனால்தான். 280 என்று எழுதியதும் I நிரல் 20 ஆகிறது. அந்த 20 மட்டும் நாளாந்தப் பட்டியலில் நிற்கும். மீதி வந்ததும் 280 ஐ 300 ஆக மாற்றினால் நிரை மூடிக்கொள்ளும்.

20 இல் 14 வந்து, 6 உடைந்துவிட்டன என்று முடிவானால், F இல் 294, G இல் 6. கூடவே கடையின் மொத்தக் கையிருப்பையும் 594 ஆக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலை. G ஐ மட்டும் எழுதி மொத்தத்தை விட்டுவிட்டால் இல்லாத 6 கதிரைகளைத் தாள் வாடகைக்குக் கொடுக்கும். மொத்தத்தைக் குறைத்து G ஐ விட்டுவிட்டால் அதே 6 இரண்டு முறை கழிக்கப்படும். ஆண்டு இறுதியில் "எப்படியோ நாற்பது, ஐம்பது கதிரை குறைகிறது" என்று சொல்லும் கடைகளில் இந்த இரட்டை வேலையில் ஒரு பாதி விடுபட்டிருப்பதையே அதிகம் காணலாம்.

எண்ணும் முறையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் தவறான எண்ணைத் தாள் திருத்தாது. வாகனத்திலிருந்து இறங்கும்போது எண்ணுவது நம்பத்தகாதது. இரண்டு பேர் இறக்கினால் எண்ணிக்கை தப்பிவிடும். இறக்கி, இருபது இருபதாக அடுக்கி, சமதளத்தில் வரிசையாக நிறுத்தி, அடுக்குகளின் உயரத்தைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரே வகைக் கதிரையானால் எல்லா அடுக்கின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஓர் அடுக்கு ஒரு விரற்கடை உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் எண்ணிக்கை பிழைத்திருக்கிறது, அல்லது வேறு வகைக் கதிரை நடுவில் புகுந்திருக்கிறது. பின்னது அடிக்கடி நடப்பது. மரணவீட்டில் அயல்வீட்டுக் கதிரைகளும் இன்னொரு கடையின் கதிரைகளும் ஒன்றாகக் கலந்துவிடும், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் பத்துக் கதிரைகள் நம்முடையவை அல்ல. இருக்கைக்கு அடியில் கடையின் எழுத்தை வர்ணத்தால் இட்டிருந்தால், ஏற்றும் இடத்திலேயே கவிழ்த்துப் பார்த்துப் பிரித்துவிடலாம். கல்லடிக்கு வந்த பிறகு அந்தப் பத்துக்காகக் களுவாஞ்சிக்குடிக்குப் போவது எரிபொருளுக்குக்கூடக் கட்டாது.

## அறிகுறி 5: ஒலிபெருக்கி முழுமையாகத் திரும்பியது, அடுத்த விழாவில் பாடவில்லை

கதிரைகளில் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும். ஒலிச் சாதனத்தில் ஆகாது. "ஸ்பீக்கர் 4, மைக் 4" என்று எண்ணிக்கையாக எழுதிய தாள், வயர்லெஸ் மைக் ஒன்று தன் ரிசீவரை விட்டு வேறு செட்டின் பெட்டிக்குள் போய்விட்டதைக் காட்டாது. இரண்டு செட்டும் ஒரே நாளில் திரும்பும்போதே இந்த மாற்றம் நேர்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மைக்குகள் வெவ்வேறு அலைவரிசையில் வேலை செய்பவை. மேடையில் போட்ட பிறகுதான் சத்தம் வரவில்லை என்று தெரியவரும்.

ஆகவே ஒவ்வொரு செட்டையும் B நிரலில் "செட்-1", "செட்-2" என்று தனிப் பொருளாகவும், அதன் மொத்தக் கையிருப்பை 1 ஆகவும் வையுங்கள். மைக்கிலும் ரிசீவரிலும் மிக்சரிலும் அதே இலக்கத்தை ஒட்டுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் உள்ளடக்கப் பட்டியல் இருக்கட்டும். பட்டியலில் உள்ளவை யாவும் இருந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே இயக்கிக் கேட்ட பிறகே F நிரலில் 1 எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கினால், உயர்சுரம் போன ஒரு பெட்டியின் குறையை மற்றவை மறைத்துவிடும்; தனியே கேட்கும்போது பேச்சுச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருப்பதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். ஒரு கேபிள் குறைவதற்காக முழுச் செட்டையும் நிறுத்தி வைப்பது மிகை என்று தோன்றும். உதிரிக் கேபிளை உள்ளே வைத்துவிட்டு F இல் 1 எழுதுங்கள், ஆனால் வைக்கும்வரை எழுதவேண்டாம்.

## அறிகுறி 6: மழைக்காலத்தில் மட்டும் கூடாரக் கணக்குப் பிழைக்கிறது

ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை இங்கே பெய்கின்ற மாரி மழையில் கூடாரம் திரும்பி வந்துவிடும், ஆனால் நனைந்து வரும். நனைந்த துணியை மடித்து வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளி விழுகிறது, அது பின்னர் கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. விரித்து உலர்த்த வெயிலும் இடமும் வேண்டும்; கார்த்திகை, மார்கழியில் இரண்டும் கிடைக்காது. கோடையில் E ஐ விழாவுக்கு மறுநாளாக எழுதும் கடை, மழை மாதங்களில் மூன்று நாள் கூட்டி எழுத வேண்டும். துணி உலர்ந்து மடிக்கப்படும்வரை F நிரலைத் தொடக்கூடாது. கம்பிகளையும் இணைப்புகளையும் துணியிலிருந்து பிரித்துத் தனிப் பொருளாகப் பதிவதும் உதவும், ஏனெனில் உதிரித் துணி உள்ள கடையில் கம்பிகள் மறுநாளே போகலாம்.

## திருத்திய பின் சோதிப்பது

உண்மையான பதிவுகளை ஏற்றுவதற்கு முன், தாளின் ஒரு பிரதியில் அறிகுறி 2 இல் உள்ள மூன்று பதிவுகளையும் இன்றைக்குப் பின்னர் வரும் ஏதேனும் ஒரு மாதத்தில் அதே திகதிகளில் இட்டுப் பாருங்கள். 9 ஆம் திகதிக்கு 150, 10 க்கு 450, 11 க்கும் 12 க்கும் 300, 13 க்கும் 14 க்கும் 250, 15 க்குப் பூச்சியம் என்று வர வேண்டும். 11 இல் 450 வந்தால் SUMIFS இல் `">"` இருக்க வேண்டிய இடத்தில் `">="` இருக்கிறது. 300 கதிரைப் பதிவின் F இல் 280 என்று எழுதினால் 10 ஆம் திகதி 170 ஆகக் குறைய வேண்டும். அதன் H இல் இரத்து என்று தெரிவுசெய்தால் 150 மட்டும் நிற்க வேண்டும். கடைசியாக, D நிரலில் மூன்று நாளுக்கு முந்திய நாளும் E நிரலில் நேற்றைய நாளும் உள்ள 50 கதிரைப் பதிவொன்றை, F ஐ வெறுமையாக விட்டு இடுங்கள். இன்றைக்கும் நாளைக்கும் 50 தெரிந்து, நாளை மறுநாளுக்குப் பூச்சியம் வந்தால் J நிரல் சரியாக வேலை செய்கிறது. இன்றைக்கே பூச்சியம் வந்தால், SUMIFS இன்னும் J ஐ விட்டு E நிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.